தார்ப்பாயை விலக்காத இரண்டு நாள்

மெகர் என்றொரு கருவி உண்டு. கையால் சுழற்றினால் உள்ளே மின்சாரம் பிறக்கும். கம்பியின் மேல்தோல் எங்காவது கிழிந்து செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் முள் பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தோல் நன்றாக இருந்தால் மறுகோடிக்குப் போகும். வேறொன்றும் அதற்குத் தெரியாது. யார் கெஞ்சுகிறார்கள், யார் பெருமூச்சு விடுகிறார்கள் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. எண்பதுகளின் கடைசியில், ஐப்பசிப் புயல் ஒன்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், குற்றாலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த முள் பூஜ்யத்தில் போய் ஒட்டிக்கொண்டது. என்னையும் அங்கேயே ஒட்டவைத்துவிட்டது.

அப்போது தென்காசியில் எங்கள் அலுவலகம் இருந்தது, வீடு மேலகரத்தில். சூரிய ஒளியில் ஓடும் சாமான்களை ஆங்காங்கே மாதிரிக்கு வைத்துப் பார்த்த காலம். அந்தச் சுகாதார நிலையத்தின் மொட்டைமாடியில் வெயிலை மின்சாரமாக்கும் பேனல்கள் பதினாறு இருந்தன, அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாலு நாலாகக் கோத்து நாலு வரிசை. மாடியிலிருந்து கம்பி இறங்கி பாட்டரி அறைக்கு வரும். பாட்டரியிலிருந்து தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் ஓடும், பிரசவ அறையில் இரண்டு டியூப்லைட் எரியும். மின்வாரியத்தின் லைனும் அங்கே உண்டு என்பார்கள். காற்றுக் காலத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பது ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

புயலுக்கு மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மரம். தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்காலுக்குப் போனது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினேன். தாண்டி கொஞ்ச நேரத்துக்குள் மலையில் பெய்த மழை வந்து சேர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது பாலத்தைக் காணவில்லை, கறுப்புத் தண்ணீர்தான் ஓடியது. சுகாதார நிலையத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஓடை. அதைத் தாண்டித்தான் எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கும் லயன்களுக்குப் போகிற பாதை. அதுவும் மூழ்கிவிட்டது. ஆக, இரண்டு தண்ணீருக்கு நடுவில் சில குடிசைகள், ஒரு கட்டடம், அந்தக் கட்டடத்தில் ஒரு டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர், புயல் அடித்த ராத்திரியில் பிள்ளை பெற்ற ஒரு பெண், அந்தப் பிள்ளை, பிறகு நான். டெலிபோன் புயலுக்கு முந்தியே செத்துப்போயிருந்தது.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். சுரண்டைப் பக்கத்துக்காரர், இளம் வயது, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வந்துட்டீங்களா. ஃப்ரிட்ஜ் நேத்து சாயங்காலம் நின்னு போச்சு சார். மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாத்தி வச்சிருக்கேன். இன்னைக்கு முழுக்க ஐஸ் தாங்கும். நாளைக்குத் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

பெட்டியில் இருந்தது அம்மைத் தடுப்பூசி. தட்டம்மை. எஸ்டேட் லயன்களில் இரண்டு வீட்டில் அம்மை கண்டிருந்தது. மீதிப் பிள்ளைகளுக்குப் பரவுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று ஜில்லாவிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தார். முகாம் போட வேண்டிய நாளில்தான் புயல் வந்தது. மருந்து சூடாகிவிட்டால் வெறும் தண்ணீர், போட்டும் பிரயோசனமில்லை. மருந்து இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம், நடுவில் ஓடை. இதுதான் நிலைமை.

மூன்று நாளாக வெயிலே இல்லாததால் பாட்டரி வற்றி, கன்ட்ரோலர் தானாகவே ஃப்ரிட்ஜை நிறுத்தியிருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. புயலுக்கு முன்னால் கம்பவுண்டர் பேனல் ஸ்விட்சை இறக்கி வைத்திருந்தார்; வெயில் வந்து, அதைச் சேர்த்துவிட்டால் ஃப்ரிட்ஜ் ஓடும். பத்தரை மணி வாக்கில் வெயிலும் வந்தது. புயலுக்குப் பிறகு வருகிற வெயில், கழுவித் துடைத்த மாதிரி அப்படி ஒரு வெயில்.

"போட்டுருங்க சார், அதான் வெயில் வந்துருச்சுல்லா" என்றார் டாக்டரம்மா.

போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் புயல் அடித்த மாடியைப் பார்க்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். வீட்டு லைன் என்றால் மெயினை இறக்கிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். பேனலுக்கு மெயின் கிடையாது. வெயில் படுகிறவரை அது உயிரோடுதான் இருக்கும். நாலு பேனல் கோத்த வரிசையில் எண்பது வோல்ட்டுக்குப் பக்கம் நிற்கும். ஈர மாடியில் ஈரக் கையோடு அதைத் தொட்டால் ஆள் நிற்கமாட்டான். அதனால் முதலில் கீழே இரும்புப் பெட்டியில் இருக்கிற ஸ்விட்ச் இறங்கித்தான் இருக்கிறதா என்று பார்த்து, பாட்டரி ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஜீப் ஷெட்டில் கிடந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டு கம்பவுண்டர் அண்ணாச்சியும் நானும் மாடி ஏறினோம்.

கம்பவுண்டர் அண்ணாச்சி ஐம்பது தாண்டியவர், இலஞ்சிக்காரர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. மாடியில் காற்று விட்டுவிட்டு அடித்தது. மலைக்கணவாய் வழியாக வருகிற காற்று, சொல்லிக்கொண்டு வராது. பேனல்களின் மேல் தார்ப்பாயைப் போர்த்துவதற்குள் இரண்டு தடவை எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. கயிறு போட்டுக் கட்டினோம். பேனல் இருட்டானதும்தான் கை வைத்தேன்.

கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. அது ஆச்சரியம். ஆனால் இரும்புச் சட்டம் முழுவதும் இடம் மாறியிருந்தது. பின்கால்களைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் பாதி தரையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தன. சட்டம் பின்னால் நகர்ந்து கைப்பிடிச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாலு வரிசைக் கம்பியும் வந்து சேருகிற இரும்புப் பெட்டி சட்டத்தின் முதுகில் இருந்தது. அது இப்போது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்காத குறையாக மாட்டிக்கொண்டிருந்தது. கை போகும். ஸ்குரூடிரைவர் போகாது. மூடியைத் திறக்க வழியே இல்லை.

கீழே வந்தேன். மாடியிலிருந்து வருகிற இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, மெகரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை எர்த் கம்பியிலும் மாட்டிச் சுழற்றினேன். பூஜ்யம். மறுபடி துடைத்துவிட்டுச் சுழற்றினேன். பூஜ்யம். மழை ஈரம் என்றால் முள் கொஞ்சமாவது எழும்பித் தடுமாறும். இது ஈரமில்லை. மாடியில் எங்கேயோ செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"போட முடியாதும்மா. மேல பழுது இருக்கு."

"என்ன பழுது?"

"தெரியலை. அந்தப் பெட்டியைத் தொறந்து வரிசை வரிசையாப் பிரிச்சாத்தான் தெரியும். பெட்டி சுவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில மாட்டியிருக்கு. சட்டத்தை முன்னால இழுக்கணும்னா மீதி போல்ட்டையும் கழட்டணும். இந்தக் காத்துல கழட்டினா பதினாறு பேனலும் பட்டம் மாதிரிப் போயிரும். காத்து நிக்கணும்."

"போட்டா என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உடனே தீப்பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒரு பழுது மட்டும்னா ஒண்ணும் ஆகாது. ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் ஓடும். ரெண்டாவது கம்பியும் எங்கனயாவது இரும்பைத் தொட்டுதுன்னா மாடியில தீப்பொறி நிக்கும். கீழ ஸ்விட்சை இறக்கினாலும் அணையாது. வெயில் போற வரைக்கும் எரியும்."

"ரெண்டாவது தொடுதா இல்லையா?"

"அதுதான் தெரியலை."

 டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "அப்பம் உங்களுக்குத் தெரியாத ஒண்ணுக்காக, எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை விடச் சொல்லுதீங்க."

 அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மாடி மரக் கட்டையடுக்கி அதன்மேல் மட்டப்பாவாகத் தளம் போட்ட பழைய மாடி. கம்பி இறங்குகிற துவாரம் மரக் கட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஸ்டோர் ரூம், பஞ்சும் ஸ்பிரிட்டும். அடுத்த அறையில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாள், இரண்டு பக்கமும் வெள்ளம். தீப்பிடித்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? இதையெல்லாம் கத்திச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றேன். போய்விடலாம் என்று தோன்றியது. போக எங்கே பாலம் இருக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன், டயரில் காற்று ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் முழுக்க வெயில் காய்ந்தது. அந்த வெயிலை நான் வெறுத்தேன். மழையாவது பெய்துகொண்டிருந்தால் எல்லோரும் மழையைத் திட்டியிருப்பார்கள். இப்போது வெயில் இருக்கிறது, பேனல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தார்ப்பாயாக நான் இருக்கிறேன். கம்பவுண்டர் அண்ணாச்சி டீ போட்டுக் கொண்டுவந்தார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, ஒரு பேனலையாவது கழட்டிக் கொண்டாந்து தரையில வச்சு ஓட்டிப் பாக்கலாமா?"

"சட்டத்தை இப்பம் பிடிச்சிட்டு நிக்கதே அந்தப் பேனல் பாரமும் நாலு போல்ட்டும்தான் அண்ணாச்சி. அதுல கை வச்சா மிச்சமும் போயிரும்."

"ஆண்டவன் கைவிடமாட்டான்" என்றார். ஆண்டவன் என்ன செய்வான், ஸ்பானர் வைக்க இடமில்லாத இடத்தில்?

சாயங்காலம் டாக்டரம்மா ஒரு முடிவு எடுத்தார். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த குடிசைகளுக்கு அண்ணாச்சியை அனுப்பி, கைக்குழந்தைகளைக் கூட்டிவரச் சொன்னார். ஐஸ் இருக்கும்போதே இருக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவது. ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தன, போட்டார். லயன்களில் அதைப்போல நாலு மடங்கு பிள்ளைகள். ஓடைக்கு அக்கரையில் சிலர் வந்து நின்று பார்த்தார்கள். கைகளை ஆட்டி ஏதோ கேட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு கட்டி மருந்தை அனுப்பலாமா என்றுகூட டாக்டரம்மா யோசித்தார். ஊசி போடத் தெரிந்தவர் அக்கரையில் யாருமில்லை.

இரவு அங்கேதான் படுத்தேன். பாட்டரி ஃபியூஸ் சட்டைப் பையிலேயே இருந்தது. வெளியே வைத்தால் டாக்டரம்மா தானாகவே எடுத்துப் போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் அதைத் தேடி வரவில்லை. வந்து கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனா என்பதும் தெரியாது.

மறுநாள் காலையில் ஐஸ் பெட்டியைத் திறந்தார். பனிக்கட்டி போய்த் தண்ணீர்தான் கிடந்தது, தெர்மாமீட்டர் மேலே போயிருந்தது. அவர் என்னிடம் காட்டவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் வரை வைத்திருந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியாக ஒரு வாளியில் போட்டார். கண்ணாடி கண்ணாடியோடு மோதும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் காற்று நின்றது. விட்டுவிட்டுப் போகிற மாதிரி அல்ல, சுத்தமாக நின்றது. குடிசைகளிலிருந்து நாலு ஆட்களைக் கூப்பிட்டு, சட்டத்தை வடக்கயிறால் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, போல்ட்டுகளைக் கழற்றி ஒரு முழம் முன்னால் இழுத்தோம். பெட்டி வெளியே வந்தது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அழுகிக் கறுத்து, கூடவே நாலைந்து மிளகாய் வற்றலும், எல்லாம் ஓர் இரும்புக் கம்பியில் கோத்தபடி. கம்பியின் ஒரு முனை பெட்டியின் காதில் சுற்றியிருந்தது, மறுமுனை பிளஸ் டெர்மினலின் மேல் விழுந்து கிடந்தது. எலுமிச்சைச் சாறும் மழைத் தண்ணீரும் சேர்ந்து பித்தளையெல்லாம் பச்சை பூத்திருந்தது.

கம்பவுண்டர் அண்ணாச்சி பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆயுத பூசைக்குக் கெட்டினேன் தம்பி. வாரவன் போறவன்லாம் பேனலப் பாத்துக் கண்ணு வைக்கான்னு. வெளிய கெட்டினா காக்கா கொத்திட்டுப் போயிருது, அதான் பெட்டிக்குள்ள வச்சு மூடினேன். அது மேல படாமத்தான் கெட்டினேன். சத்தியமா படாமத்தான் கெட்டினேன்."

உண்மைதான். கட்டும்போது படவில்லை. மூடியின் ரப்பரை மட்டும் சரியாக உட்காரவைக்கவில்லை, தண்ணீர் இறங்கியிருக்கிறது. புயல் சட்டத்தை உலுக்கியதில் கம்பி விழுந்திருக்கிறது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. நேற்றுக் காலையிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவுமில்லை. காவலுக்குக் கட்டியதே கழுத்தை அறுக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சாமிக்குக் கட்டினதைப் போய்ப் பழுதென்று யார் நினைப்பார்கள்?

கம்பியை எடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, மெகரைச் சுழற்றினால் முள் எழும்பியது. எழும்பி, போக வேண்டிய தூரம் போகாமல் பாதியில் நின்று ஆடியது. வரிசைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று சரி. நாலாவது வரிசையின் மைனஸ் கம்பி, சட்டத்தின் கால் மூட்டுக்குள் மாட்டி, சட்டத்தோடு கூடவே இழுபட்டு வந்திருந்தது. மேல்தோல் பிளந்து உள்ளே செம்பு மின்னியது. இரும்பைத் தொட்டுவிட்டதா என்றால் இல்லை. ஒரு முடி இடைவெளி. காற்றில் சட்டம் இன்னும் ஒரு தடவை ஆடியிருந்தால் தொட்டிருக்கும். ஆடாமல் நின்றிருந்தால் தொட்டிருக்காது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"தொடலைல்லா?" என்றார்.

"தொடலை."

படி இறங்கிப் போய்விட்டார். வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நடக்காத தீயை யாருக்குக் காட்டுவது? நடந்திருந்தால் நான் புத்திசாலி. நடக்காததால் நான் மருந்தைக் கெடுத்தவன். சரியாக வேலை பார்த்தவனுக்கு இதில் நிற்க இடமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாலாவது வரிசையை ஒதுக்கிவைத்தேன். சட்டத்தைப் பழைய இடத்தில் நிறுத்தி, எர்த் கம்பியைப் புதிதாக முறுக்கி, விடிந்ததும் பாட்டரிச் செல்களில் தண்ணீர் மட்டம் பார்த்து, அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, முதலில் பாட்டரி, பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பேனல் என்று சேர்த்தேன். தார்ப்பாயை விலக்கினேன். மீட்டர் முள் அழகாக எழும்பியது. மத்தியானம் தாண்டியதும் பாட்டரி கொஞ்சம் தேறி, ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. திறந்து பார்த்தேன். சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அதற்குள் ஓடையும் வடிந்துவிட்டது. லயன்களிலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் மெலிந்த பெண், இடுப்பில் ஒன்றரை வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கரண்டு வந்துருச்சுல்லாம்மா, ஊசி போட்டுருங்க. பக்கத்து வீட்டுப் பயலுக்கும் மேல் முழுக்கத் தடிச்சிருக்கு."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "மருந்து வரணும். வந்ததும் நானே மேல வாரேன்" என்றார். தார்ப்பாயைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்குப் புரியவில்லை. நான் ஃப்ரிட்ஜ் பிளக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ரோடு சரியாகி, ஜில்லாவிலிருந்து புது மருந்து வந்து, டாக்டரம்மா ஜீப்பில் மேலே போனபோது லயன்களில் பாதி வாசலில் வேப்பிலை தொங்கியதாம். ஆத்தா வந்திருக்கும் வீட்டுக்குள் ஊசியோடு நுழைய விடமாட்டார்கள். விட்டாலும் அப்போது போட்டுப் பயனில்லை. கம்பவுண்டர் அண்ணாச்சிதான் வந்து சொன்னார், சொல்லும்போது அழுதார். அன்றைக்கு முன்னால் வந்த மெலிந்த பெண்ணின் குழந்தைக்கும் அம்மை கண்டு, பிழைத்துக்கொண்டது என்றும் சொன்னார்.

அடுத்த சாரல் சீசனில் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த லயன் பெண் என்னைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பிள்ளையை நெருக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள்.

"கரண்டுக்காரரு அண்ணாச்சில்லா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அம்மை இறங்கும்போது கண்ணில் இறங்கிவிட்டது என்று அவள் யார்மீதும் குறையில்லாமல் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்களாம். மேலகரம் தாண்டியது. என் வீட்டு நிறுத்தம். நான் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஊசி மருந்துப் பொட்டி இப்பம் நல்லா ஓடுதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஓடுது" என்றேன்.